முன் சீட்டுச் சத்தம்

சம்பந்தி வீட்டில் காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் முதல் தடவையாக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது குறை என்று ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது. வியர்த்து ஊற்றினாலும் நல்ல காற்று என்பார்கள். இலையில் வைத்த கூட்டு ஊசிப்போயிருந்தாலும் இன்னொரு கரண்டி கேட்பார்கள். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை என்பது எங்கள் ஊர் ராசிங்காபுரம் முழுக்கத் தெரியும். அதனால்தான் என் வீட்டுக்காரர் முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தா, நாளைக்கு ஒரு நா மட்டும் வாயக் கட்டி வையி. ஒம் மக வாழப் போற எடம்."

கட்டி வைத்தேன். அதனால்தான் அன்றைக்கு நடந்த அத்தனையும் நடந்தது.

காலையில் சம்பந்தியம்மாவே தங்கள் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போகக் காரை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கணவர் தவறிய பிறகு மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டத்தை அவரேதான் பார்த்துக்கொள்கிறார். போடியில் வீடு, போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கம் தோட்டம். வாரத்தில் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. மகன் ஒருவன், அவன்தான் எங்கள் மாப்பிள்ளை, பெங்களூரில் வேலை. மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பெரிய கார் அது. அந்த அம்மாள் என்னைவிடக் குள்ளம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

முன் சீட்டில் தோட்டத்துக்குப் போகிற மளிகைச் சாமான், வாழைத்தார், இரண்டு சிப்பம் அரிசி என்று ஏறியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பின் சீட்டில் உட்கார வைத்தார்.

"பின்னாடி ராசா ராணி கணக்கா ஒக்காருங்க. ஒங்களுக்குன்னுதேன் புதுப்படம் ஏத்தி வச்சிருக்கேன்."

முன் சீட்டுகளின் முதுகில் ஆளுக்கொரு திரை இருந்தது. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு இருக்கும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் மலை ஏறி முடிக்கிற வரைக்கும் சண்டையாம். பாட்டுப் போட்டால் ஒருவன் அழுவானாம், நிறுத்தினால் இன்னொருத்தி அழுவாளாம். அந்தக் கூச்சலில் மேப்பில் வழி சொல்கிற பெண்ணின் குரல் இவர் காதில் விழுவதே இல்லை. பூப்பாறைப் பக்கம் ரோட்டு வேலை நடக்கிறது, எந்த வழியை என்றைக்கு அடைப்பார்கள் என்று தெரியாது, அதனால் மேப்பு இல்லாமல் முடியாது. மாப்பிள்ளை தேனியில் ஒரு கடையில் காரை விட்டு இதை மாட்டிக் கொடுத்திருக்கிறார். படத்தின் சத்தம் பின்னால் இருப்பவர்கள் காதில் மாட்டுகிற ஹெட்போனில் மட்டும் கேட்கும். மேப்பும் போனும் முன் கதவு ஸ்பீக்கரில் மட்டும் பேசும். பின் கதவு ஸ்பீக்கர் வாயே திறக்காது.

"இப்ப நான் ஒரு ஒலகம், அதுக ஒரு ஒலகம்" என்று சிரித்தார் சம்பந்தியம்மா. "அதுக பாட்டுக்குப் படம் பாக்கும், நான் பாட்டுக்கு வண்டிய ஓட்டுவேன்."

கம்பி இல்லாத ஹெட்போன் இரண்டு எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் போட்டு இழுத்து இழுத்து லொடலொடவென்று ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டிய மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது. நானும் மாட்டினேன். பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒரு ஆள் வாயைத் திறந்து திறந்து மூடினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உஸ்ஸென்று ஒரு சின்ன இரைச்சல், அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா கண்ணாடியில் பார்த்துக் கையால் சைகை காட்டிச் சத்தமாகக் கேட்டார்: "மதினி, கேக்குதா?"

என் வீட்டுக்காரர் என் முழங்காலில் லேசாகத் தட்டினார். நான், "நல்லா கேக்குது மதினி" என்றேன்.

வீட்டில் இதுவே நடந்திருந்தால் அந்தச் சாமானைக் கழற்றி எறிந்திருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் ஊமைப்படம் பார்த்தேன். முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புப் படம்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் சிரிக்கும்போதெல்லாம் நானும் பல்லைக் காட்டினேன். இதற்கு மேல் ஒரு சம்பந்தி என்ன மரியாதை செய்ய முடியும் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மலைப் பாதை எனக்குப் புதிதல்ல; ஒரு காலத்தில் நானும் ஜீப்பில் நின்றுகொண்டு ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தன. சம்பந்தியம்மா ஒதுங்கி வழி விட்டார். ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு நின்ற ஒருத்தி எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்து, என் காதில் இருந்ததைக் கண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் காட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கழுதை வயசில் காதில் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே!

மேப்பில் பேசுகிறவள் அவ்வப்போது, தொடர்ந்து இதே சாலையில் செல்லவும் என்றாள். வேறு சாலையே இல்லாத மலையில் இதைச் சொல்ல ஒரு பெண்பிள்ளை. அவள் பேசுவது எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. காதில் மாட்டியிருந்த சாமான் லொடலொடவென்று இருந்ததால் அது எதையும் மறைக்கவில்லை. சன்னல்கள் எல்லாம் மூடியிருந்ததால் கார் உள்ளே சாமி அறைபோல அமைதியாக இருந்தது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பாதி மலை ஏறியிருப்போம். முன்னால் இருந்த பெரிய திரையில் மேப்பு ஒதுங்கிக்கொண்டு ஒரு போன் வந்தது. மணிச் சத்தமும் முன்பக்கம்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவே எனக்கு அந்தத் திரை நன்றாகத் தெரிந்தது. 'மருமகள்' என்று எழுதியிருந்தது.

ஒரு மகன் மட்டும் உள்ள அம்மாவுக்கு எத்தனை மருமகள் இருக்க முடியும்? நிச்சயம் இன்னும் ஆகவில்லை. அதற்குள் என் மகள் இவருக்குப் போன் செய்கிறாளா! மதுரையில் வேலை பார்க்கிறவளுக்கு என்னிடம் வாரத்துக்கு ஒருமுறை பேசவே நேரம் ஒழிவதில்லை. வயிறு எரிந்தது. சம்பந்தியம்மா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று திரையைப் பார்த்துக்கொண்டேன். ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அமுக்கிப் போனை எடுத்தார்.

"அத்தே, எங்க இருக்கீங்க?" என் மகள் குரலேதான். முன் கதவிலிருந்து வந்தது.

"ஏறிக்கிட்டிருக்கோம் தாயி. புலியூத்துப் பக்கம்."

"அம்மா பக்கத்துல இருக்கா? ஸ்பீக்கர்லயா பேசுறீங்க?"

"பின்னாடி படம் பாத்துக்கிட்டிருக்காக. ரெண்டு பேரும் காதுல மாட்டிருக்காக. இங்கிட்டுப் பேசுறது அங்கிட்டுக் கேக்காது. ஒம் மாப்ள பண்ணி வச்ச வேலதேன. நீ பேசு."

"அம்மாட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. தோட்டத்துக்குப் போயி, ஒரு வாய் சாப்பிடட்டும். அப்பறமாச் சொல்றேன்."

"வேணாம் அத்தே. நான் சொன்னேன்ல."

"என்னத்த வேணாம்? வயித்தக் கீறி ஒரு பக்கத்துச் சினைப்பையையே எடுத்திருக்கு. பெத்தவளுக்குத் தெரியாம அத மூடி வச்சுக்கிட்டு நான் எப்படி ஆத்தா தட்டு மாத்துறது? நாளைக்கு ஒங்கம்மா மூஞ்சியில முழிக்க வேண்டாமா நானு?"

வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. நான் கதவோடு சாய்ந்தேன். மலை மறைத்ததில் சிக்னல் போய், போன் அறுந்துவிட்டது. தொடர்ந்து இதே சாலையில் செல்லவும் என்றாள் மேப்பில் இருக்கிறவள்.

வயிற்றைக் கீறி என்றாரே, யார் வயிற்றை? என் மகளுக்கு விரலில் முள் குத்தினால்கூட எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை என்றல்லவா நினைத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் அவள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள் நான். அவளுடைய வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற இந்தப் பச்சைச் சேலைக்காரிக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் என் தோளில் இடித்தார். "பாத்தியா அந்த ஆளு விழுகுறத!" என்று கத்தினார். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள்போல. நான் பார்த்தேன். திரையில் ஒரு தடியன் சாணிக்குழியில் விழுந்துகொண்டிருந்தான். நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். கண்ணாடியில் சம்பந்தியம்மா நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சந்தோஷப்பட்டார்.

மறுபடியும் மணி அடித்தது. மறுபடியும் மருமகள்.

"கட்டாயிருச்சு அத்தே. நான் சொல்றதக் கேளுங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அழுதே ஊரக் கூட்டிரும். ராசிங்காபுரத்துல ஒரு வீடு பாக்கியில்லாம போயிச் சொல்லும். அப்பறம் நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது. எல்லாரும் என் வயித்தத்தான் பாப்பாக."

"பெத்த மனசு அழத்தேன் செய்யும்."

"கட்டி கெட்ட கட்டி இல்லைன்னு டெஸ்டுல வந்துருச்சு. இன்னொரு பக்கம் நல்லாருக்கு, பிள்ளை உண்டாகும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. அப்பறம் எதுக்கு அம்மாவுக்கு?"

"நான் பிள்ளைக்காகவா தாயி பேசுறேன்? பொறந்தா தூக்கி வளப்போம். பொறக்காட்டியும் நீதேன் எம் மருமக. மகன் எங்கிட்டச் சொன்ன அன்னைக்கே அது முடிஞ்ச பேச்சு. ஆனா ஒங்கம்மாவுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கக் கூடாது. நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்றேன்."

"அத்தே..." என்று இழுத்து என் மகள் அழுதாள். அவள் அழுவது அந்தக் காருக்குள் முன் சீட்டுக்கு மட்டும் கேட்பதாக அவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நினைத்துப் பார்க்கிறேன். கோபமா, பயமா? முதலில் அவமானம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூப்பிட்டால் ஓடி வருகிற அம்மா ஒருத்தி இருக்கும்போது, முந்தாநாள் பழகிய ஒரு பொம்பளையிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே என்ற அவமானம். அதற்குப் பிறகுதான் அவள் தனியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்ததை நினைத்தேன். மயக்க ஊசி போடுவதற்கு முன் யாருடைய கையைப் பிடித்திருப்பாள்? விழித்ததும் யார் தண்ணீர் கொடுத்தது? அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேனா? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. கண் அந்தத் திரையிலேயே இருந்தது. மலை ஒரு பக்கம் சுற்றியது, படம் ஒரு பக்கம் ஓடியது.

"மதினி, நிப்பாட்டுங்க" என்று கத்தினேன்.

அடுத்த வளைவில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினார். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் வாந்தி எடுத்தேன். சம்பந்தியம்மா ஓடி வந்து என் நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏலக்காயும் மசிந்த வெற்றிலையுமாக அந்தக் கை மணத்தது.

"மலையேறையில படம் பாத்தா சில பேருக்குச் சேராது மதினி. ஏந் தப்பு, நான் சொல்லிருக்கணும்" என்றார். எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் காரை விட்டு இறங்கி வந்து, "ஜீப்புல நின்னுக்கிட்டே மலையேறுனவ, ஏசிக் காரு சேரல பாருங்க" என்று கேலி பேசினார். சுருக்கென்று திட்ட வாயெடுத்தேன். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாதே என்று விட்டுவிட்டேன்.

மீதி வழி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன். ஹெட்போன் மடியில் கிடந்தது. போன் வரவில்லை.

தோட்டம் போய்ச் சேர்ந்தோம். நல்ல தோட்டம். பலா மரமும் முருக்கு மரமும் நிழல் கட்டி நிற்க, கீழே ஏலச் செடிகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. காய் காய வைக்கிற ஸ்டோரிலிருந்து மணம் வந்தது. மேஸ்திரி என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, "வரூ சேட்டா, தண்ணி தொட்டியைக் காட்டறேன்" என்று மலையாளமும் தமிழுமாகப் பேசிக்கொண்டே சரிவில் இறங்கினார். தண்ணீர், மோட்டார் என்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

நான் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா காரிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டு, இரண்டு ஹெட்போன்களையும் பைக்குள் வைக்க எடுத்தார். ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

மெதுவாக என்னிடம் வந்தார். ஹெட்போனின் ஓரத்தில் நகம் அளவு ஒரு சின்ன சுவிட்சு இருந்தது. ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் பி.

"ரெண்டு பிள்ளைகளும் வேற வேற படம் பாக்குறதுக்கு வச்சது மதினி இது. ஒரு தெரைக்கு ஏ, இன்னொண்ணுக்கு பி. இன்னைக்கு ரெண்டுலயும் ஒரே படந்தேன் ஓடுச்சு. சத்தம் ஏ-வுல மட்டுந்தேன் வரும்." என்னுடையதைத் திருப்பிக் காட்டினார். "ஒங்களது பி-யில இருக்கு."

நான் அந்தச் சுவிட்சையே பார்த்தேன்.

"படம் ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நல்லா கேக்குதுன்னு சொன்னீகளே மதினி!"

"சம்பந்தி வீட்டுக் காருல ஏறி ஒக்காந்துக்கிட்டு, கேக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எவ்வளவு கேட்டது என்று அவர் கேட்கவில்லை. எல்லாமும் என்று நானும் சொல்லவில்லை.

கட்டி வைத்திருந்த வாய் அப்போதுதான் அவிழ்ந்தது. "எம் மக வயித்தக் கீறுனத நான் ஒங்க காருல ஊமைப்படம் பாத்துக்கிட்டுத் தெரிஞ்சுக்கணும், இல்ல? என்னையவிட நீங்க என்ன ஒசத்தியாப் போயிட்டீங்க அவளுக்கு? பத்து மாசம் சுமந்தது நானா நீங்களா?"

"நீங்கதேன் மதினி" என்றார் மெதுவாக. "அதுக்குத்தேன் ஒங்ககிட்டச் சொல்லணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். அந்தப் பிள்ளை எம் மகன்கிட்டத்தேன் சொல்லிருக்கு. கல்யாணம் பேசுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்லிரணும்னு. அவன் எங்கிட்டச் சொன்னான். நான் போன் போட்டுக் கேட்டேன். அவ்வளவுதேன்."

இந்தப் பொம்பளையைத் திட்டவும் முடியாது. நான் வாந்தி எடுத்தபோது நெற்றியைப் பிடித்தவள். பிள்ளை பிறக்காவிட்டாலும் நீதான் மருமகள் என்று, நான் கேட்கிறேன் என்றே தெரியாமல் சொன்னவள். நேருக்கு நேராக உட்கார்ந்து சொல்லியிருந்தால், நமக்காகச் சொல்கிறாள் என்று நான் பாதிதான் நம்பியிருப்பேன்.

அழ வேண்டும்போல இருந்தது. ஊரைக் கூட்டுவேனாமே! அதை நினைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றேன். "ஒங்க அண்ணனுக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, இது தெரிய வேணாம். வெள்ளந்தி மனுசன். அவருக்குத் தாங்காது."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையை ஆட்டினார்.

சாப்பிட்டோம். கீரைக்கு உப்புப் பற்றவில்லை. நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கினார்.

பொழுது சாயத் தொடங்கியதும் புறப்பட்டோம். முன் சீட்டு இப்போது காலி. எனக்குப் பின்னால் உட்கார்ந்தால் சேரவில்லை என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அது வசதிதான். காலையில் பாதியில் நின்ற படத்தை விட்ட இடத்திலிருந்து போடச் சொன்னார். ஹெட்போனைச் சம்பந்தியம்மா சுவிட்சைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

போடிமெட்டைத் தாண்டி இறங்கும்போது வேலை முடித்துப் போகிற ஜீப்புகள் முன்னும் பின்னும் போயின. மலைக்குக் கீழே போடி தெரிந்தது. மேப்பில் இருக்கிறவள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது திரையில் 'மருமகள்' வந்தது.

சம்பந்தியம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பொத்தானை அமுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் கையை நீட்டித் திரையில் இருந்த பச்சை வட்டத்தைத் தொட்டேன்.

"அத்தே, சொல்லிட்டீங்களா?"

"சொல்லு தாயி. அம்மாதேன் பேசுறேன்."

ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, திரையில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். "நான் அழுகல. கத்தல. ஒங்க அத்தையக் கேட்டுப் பாரு. தையல் போட்ட எடம் இன்னும் வலிக்குதா, அத மட்டும் சொல்லு."

அவள் விசும்பியது முன் கதவு இரண்டிலும் கேட்டது. "இல்லம்மா. வலிக்கல."

"தனியாக் கெடந்தியேடி. ஆபரேசன் அன்னைக்கு ஒரு ஆளு இல்லாம. தண்ணி குடுக்கக்கூட..."

"தனியா இல்லம்மா" என்றாள். "அப்பாவத் திட்டாதம்மா. நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். மோட்டாரு வாங்க மதுரைக்கு வந்துட்டு நாலஞ்சு நாளு தங்குச்சுல்ல, அப்ப அப்பாதான் ஆஸ்பத்திரியில கூட இருந்துச்சு. எனக்குத் துணி மாத்துறதுக்கு நர்சக் கூப்பிட்டு விட்டுட்டு வெளிய போயி நிக்கும். ராத்திரி பூரா கட்டிலுக்குக் கீழதான் படுத்திருந்துச்சு."

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நடுக் கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். புது மோட்டாரைக் கிணற்றில் இறக்கிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாரே! நான் அவருக்கு முதுகு தேய்த்துவிட்டேன். எதையும் மறைக்கத் தெரியாத வெள்ளந்தி என்று இவருக்காகவா நான் மத்தியானம் கெஞ்சினேன்?

பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு பின்னால் திரும்பினேன். எட்டி, அவர் காதிலிருந்ததைப் பிடுங்கினேன்.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "என்ன, முந்தல் வந்துருச்சா?" என்றார்.

"அப்பா" என்றது முன் கதவிலிருந்து மகளின் குரல். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுப்பா."

அவர் என்னைப் பார்த்தார். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று திரும்பியவள்தான் நான். அதற்குள் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு அதை அடக்கி வைத்திருந்திருக்கிறார். சம்பந்தியம்மா ஓரமாக வண்டியை நிறுத்தினார். நான் இறங்கிப் போய்ப் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.